‘Paid’ என்று காட்டுகிறது, பணம் எங்கே?

அலுவலக வேலையாக வெளியூர் போய், சொந்தக் காசில் டிக்கெட், லாட்ஜ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் பார்த்துவிட்டு, பில்களை ஸ்கேன் செய்து கிளெய்ம் போட்ட எவருக்கும் இந்தச் சங்கடம் ஒருமுறையாவது வந்திருக்கும். மேனேஜர் அப்ரூவ் செய்துவிட்டார். ஃபைனான்ஸும் சரிபார்த்துவிட்டது. கிளெய்ம் போர்ட்டலில் பச்சை எழுத்தில் Paid என்று வந்தே பத்து நாள் ஆகிவிட்டது. வங்கிக் கணக்கில் மட்டும் ஒரு ரூபாய் ஏறவில்லை. அக்கவுண்ட்ஸுக்குப் போன் போட்டால், “எங்க சைடுல கிளியர் ஆயிடுச்சு சார், உங்க பேங்க்ல கேட்டுப் பாருங்க” என்கிறார்கள். வங்கிக்குப் போனால், “எங்களுக்கு எதுவும் வரலீங்க, கம்பெனியில கேளுங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதுமே உண்மையாக இருக்கலாம். Paid என்பது உங்கள் கணக்கில் பணம் ஏறிவிட்டது என்ற செய்தி அல்ல. ‘இவருக்குத் தர வேண்டிய பாக்கியைத் தீர்த்துவிட்டோம்’ என்று கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட வரி அது. அந்த வரி எழுதப்பட்ட பிறகுதான் பணம் பயணமே கிளம்புகிறது. வழியில் அது நின்றாலும் திரும்பி வந்தாலும், புத்தகத்தில் எழுதிய வரியை யாராவது ஒருவர் கைவைத்து மாற்றும்வரை போர்ட்டல் Paid என்றேதான் காட்டிக்கொண்டிருக்கும்.

ஃபைனான்ஸ் அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எங்கே நின்றிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

ஓரளவு பெரிய கம்பெனிகளில், சரக்கு தருகிறவருக்கு ஒரு வெண்டார் கோடு இருப்பதுபோல, ஊழியருக்கும் ஒரு வெண்டார் கோடு இருக்கும். உங்கள் கிளெய்ம் அப்ரூவ் ஆனதும் அந்தக் கோடின் கீழ் பாக்கியாகப் பதிவாகிறது. ஒவ்வொரு பாக்கிக்கும் தனித்தனியே யாரும் பணம் அனுப்புவதில்லை. மாதத்தில் குறித்த சில நாள்களில், அதுவரை சேர்ந்த பாக்கிகளை மொத்தமாகத் திரட்டி ஒரே வீச்சில் அனுப்புவார்கள். இதற்குத்தான் பேமெண்ட் ரன் என்று பெயர். எஸ்ஏபி மென்பொருள் வைத்திருக்கும் கம்பெனிகளில் இதற்கான திரை F110. அக்கவுண்ட்ஸ்காரர்கள் “எஃப் ஒன் டென் போட்டாச்சா?” என்று கேட்டுக்கொள்வது இதைத்தான். டேலியில் கணக்கு வைத்திருக்கும் சிறிய கம்பெனியில் இதே வேலையை ஒரு எக்ஸெல் பட்டியலும் வங்கியின் இணையதளமும் செய்கின்றன. அங்கே பெயர் வேறு, நடப்பது ஒன்றுதான்.

ரன் போடுகிறவர் முதலில் எந்தத் தேதி வரையிலான பாக்கி, யார் யாருக்கு என்று கொடுப்பார். மென்பொருள் ஒரு உத்தேசப் பட்டியலைத் தரும். அதோடு கூடவே, பாக்கி இருந்தும் பணம் அனுப்ப முடியாதவர்களின் பட்டியல் ஒன்றும் வரும். வங்கி விவரம் இல்லாதவர், யாரோ சந்தேகத்தில் பேமெண்ட் பிளாக் போட்டு வைத்திருப்பவர், வாங்கிய அட்வான்ஸ் கிளெய்மைவிட அதிகமாக இருப்பவர் போன்றோர் இதில் இருப்பார்கள். இதை எக்ஸெப்ஷன் லிஸ்ட் என்பார்கள். ரன் போடுகிறவர் கண்ணில் தினம் படுகிற பட்டியல்தான். ஆனால் அதில் பெயர் வந்திருக்கிறது என்று அந்த ஊழியருக்கு யாரும் சொல்வதில்லை. என் கணிப்பில் பாதித் தலைவலி இங்கேதான் பிறக்கிறது. போர்ட்டலில் Approved என்று மாதக்கணக்கில் நின்றுவிடும் கிளெய்ம்களில் பல இந்தப் பட்டியலில் சிக்கியவைதான்.

பட்டியல் சரி என்று ஆனதும் ரன்னை இறுதி செய்வார்கள். அந்த நொடியில் பாக்கி தீர்ந்ததாகப் புத்தகத்தில் பதிவு விழுகிறது, அதற்கென ஒரு கிளியரிங் எண்ணும் பிறக்கிறது. போர்ட்டல் இதைப் பார்த்துத்தான் Paid என்று மாற்றிக்கொள்கிறது. கவனியுங்கள், இன்னும் வங்கிக்கு எதுவும் போகவில்லை. அதன் பிறகுதான் பணம் அனுப்பும் ஃபைல் உருவாகி வங்கியின் கார்ப்பரேட் போர்ட்டலுக்குப் போகும். ஃபைலை ஏற்றுகிறவர் ஒருவர், அதை ஒப்புதல் செய்கிறவர் இன்னொருவர். சில இடங்களில் மூன்றாவது கையெழுத்தும் தேவை. ஒப்புதல் தர வேண்டியவர் லீவில் இருந்தால் ஃபைல் அங்கேயே கிடக்கும். போர்ட்டலோ Paid என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதை ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, அம்பத்தூரில் ஒரு இயந்திரக் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். வாடிக்கையாளர் ஒருவரின் மெஷினைச் சரிசெய்ய ஓசூர் போய்வந்து 18,640 ரூபாய்க்குக் கிளெய்ம் போடுகிறார். புறப்படும்போது 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். 2025 ஜூலை 4 அன்று மேனேஜர் அப்ரூவ் செய்கிறார். ஃபைனான்ஸ் 9-ஆம் தேதி சரிபார்க்கிறது. ஓர் இரவுச் சாப்பாடு, ஓர் ஆட்டோ இரண்டுக்கும் பில் இல்லை என்று 740 ரூபாயைக் குறைத்து 17,900 என்று பதிகிறது.

அந்தக் கம்பெனியில் ஊழியர்களுக்கான ரன் மாதம் 10, 25 தேதிகளில். அதற்கு இரண்டு வேலை நாள் முன்பே கட்-ஆஃப். அதாவது 8-ஆம் தேதிக்குள் பதிவானதுதான் 10-ஆம் தேதி ரன்னில் ஏறும். ஒரே ஒரு நாள் தவறியதால் இவருடைய கிளெய்ம் 25-ஆம் தேதிக்குப் போய்விட்டது. இன்ஜினியருக்கு இது தெரியாது. மேனேஜர் அப்ரூவ் செய்த 4-ஆம் தேதியிலிருந்து அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆனால் எண்ண வேண்டியது ஃபைனான்ஸ் பதிந்த தேதியிலிருந்து. போர்ட்டலில் இந்த இரண்டு தேதிகளும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருக்கும்.

25-ஆம் தேதி ரன் போட்டாயிற்று, Paid வந்தாயிற்று. இவர் வங்கி ஸ்டேட்மெண்டைத் திறந்து 18,640 என்ற தொகையைத் தேடுகிறார். அப்படி ஒரு தொகை ஒருநாளும் வரப்போவதில்லை. 17,900-இல் அட்வான்ஸ் 5,000 கழிந்து 12,900 ஆகிவிட்டது. அதோடு, ஜூன் மாத மொபைல் பில் என்று தனியே போட்டிருந்த 650 ரூபாயும் அதே ரன்னில் சேர்ந்தது. பேமெண்ட் ரன் ஒரே ஆளுக்கான பாக்கிகளை வழக்கமாக ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பும். ஆக, அவர் தேட வேண்டியது 13,550 ரூபாய். பணம் வந்தும் வரவில்லை என்று சண்டை போட்டவர்களை அக்கவுண்ட்ஸில் இருக்கும் எவரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஸ்டேட்மெண்டில் அனுப்பியவர் பெயரும் கம்பெனியின் வழக்கமான பெயராக இல்லாமல், தாய்க் கம்பெனியின் பெயராகவோ பாதியில் வெட்டப்பட்ட எழுத்துகளாகவோ இருக்கலாம். எனவே முதல் வேலை, சரியான தொகை எது என்று தெரிந்துகொள்வது. ‘பேமெண்ட் அட்வைஸ் அனுப்புங்கள்’ என்று கேட்டால், எந்தெந்தக் கிளெய்ம் சேர்ந்து, எது கழிந்து, எவ்வளவு அனுப்பினோம் என்ற ஒரு பக்கத் தாள் கிடைக்கும்.

நம் இன்ஜினியர் 13,550-ஐத் தேடினார். அதுவும் இல்லை. இனி கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: யூடிஆர் எண்.

வங்கிக்கு வங்கி போகும் ஒவ்வொரு நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்துக்கும் ஒரு யூடிஆர் எண் உண்டு. அதன் முதல் நான்கு எழுத்துகள் அனுப்பிய வங்கியைக் குறிக்கும். பழைய 16 எழுத்து வடிவத்தில் அடுத்த ஓர் எழுத்தைத் தாண்டினால், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் வரும். கற்பனையாக ஒன்றைப் பாருங்கள்:

```
ABCDN25206004417
```

ABCD என்ற வங்கி, 2025-ஆம் ஆண்டின் 206-ஆவது நாள், அதாவது ஜூலை 25 அன்று அனுப்பியது என்று இதைப் படிக்க வேண்டும். இப்போது சில வங்கிகள் 22 எழுத்து நீளத்தில் முழுத் தேதியோடு தருகின்றன. எப்படியிருந்தாலும், எண்ணைப் பார்த்தே பணம் எந்த நாளில் கிளம்பியது என்று தெரிந்துவிடும். கம்பெனிக்கும் உங்களுக்கும் ஒரே வங்கி என்றால் நெஃப்ட் தேவைப்படாது, வங்கிக்குள்ளேயே மாற்றிவிடுவார்கள். அப்போது யூடிஆருக்குப் பதில் வங்கியின் சொந்த ரெஃபரன்ஸ் எண்ணைக் கேட்க வேண்டும். எஸ்ஏபி தரும் கிளியரிங் எண்ணை யூடிஆர் என்று நினைத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறவர்களும் உண்டு. அது கம்பெனிக்குள் மட்டுமே செல்லும் எண், வங்கி ஊழியருக்கு அதில் ஒன்றும் தெரியாது.

யூடிஆர் எண் கேட்டதும் கிடைக்கும் பதிலை வைத்தே பாதி வழக்கு தீர்ந்துவிடும். “யூடிஆர் இன்னும் வரலை” என்றால் பணம் கம்பெனியின் வங்கியை விட்டுக் கிளம்பவேயில்லை. ஃபைல் ஒப்புதலுக்குக் காத்திருக்கலாம், அல்லது வங்கி உங்கள் வரியை மட்டும் நிராகரித்திருக்கலாம். நிராகரிப்புக்கு வழக்கமான காரணம் செல்லாத ஐஎஃப்எஸ்சி. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது. SYNB என்று தொடங்கிய அதன் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த பழைய பாஸ்புக் நகலே இன்றும் மாஸ்டரில் இருந்தால், வங்கி இதை வாசலிலேயே தடுத்துவிடும். இந்தக் கட்டத்தில் நீங்கள் உங்கள் வங்கிக் கிளைக்கு நடையாய் நடப்பது வீண்.

யூடிஆர் இருக்கிறது, தேதியும் பழையது என்றால் கதை வேறு. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் வருடம் முழுக்க, ஞாயிறு, பண்டிகை, நள்ளிரவு என்று பாராமல் அரை மணிக்கு ஒரு பேட்ச்சாக ஓடுகிறது. பேட்ச் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பணத்தை வாங்கும் வங்கி அதை உரியவர் கணக்கில் ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் அனுப்பிய வங்கிக்கே திருப்ப வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. “பேங்க்ல ரெண்டு மூணு நாள் ஆகும் சார்” என்ற சமாதானத்துக்கு இப்போது இடமில்லை. தாமதித்தால் வாங்கும் வங்கி ரெப்போ விகிதத்தோடு இரண்டு சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். 2025 ஜூலையில் ரெப்போ 5.5 சதவீதம். நம் இன்ஜினியரின் 13,550 ரூபாய்க்குப் பத்து நாள் வட்டி 28 ரூபாய்கூட வராது என்பது வேறு விஷயம். அந்த 28 ரூபாய்க்காக இல்லாவிட்டாலும், இரண்டு மணி நேரம் என்ற கணக்கு நமக்கு உதவும். யூடிஆர் பிறந்து ஒரு நாளும் கடந்துவிட்டால், பணம் அநேகமாக நடுவழியில் இல்லை. ஏதோ ஒரு கணக்கில் ஏறியிருக்கும், அல்லது கம்பெனிக்கே திரும்பியிருக்கும்.

இன்ஜினியருக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. மே மாதம் அவர் வேறு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்தார். ஹெச்ஆர் போர்ட்டலில் விவரத்தை மாற்றினார், பழைய கணக்கை மூடிவிட்டார். ஜூன் சம்பளம் புதிய கணக்குக்கு ஒழுங்காக வந்தது. அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நம்பினார். சம்பளம் போகும் பட்டியல் வேறு, வெண்டார் மாஸ்டர் வேறு. ஹெச்ஆரில் செய்த மாற்றம் சில கம்பெனிகளில் தானாகவே இரண்டு இடத்துக்கும் போகும். பல கம்பெனிகளில் போகாது. ஃபைனான்ஸில் ஒருவர் தனியே மாற்ற வேண்டும், அதற்குத் தனிப் படிவமும் கேன்சல் செய்த காசோலையும் கேட்பார்கள். சம்பளம் வருகிறது, கிளெய்ம் மட்டும் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

மூடிய கணக்குக்குப் போன 13,550 ரூபாய் ‘அக்கவுண்ட் க்ளோஸ்டு’ என்ற காரணத்தோடு அதே நாளில் கம்பெனியின் வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. இங்கேதான் உண்மையான சிக்கல். வங்கியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. கம்பெனியின் ஸ்டேட்மெண்டில், நூற்றுக்கணக்கான வரவுகளுக்கு நடுவே NEFT RETURN என்ற ஒரு வரி கூடுதலாக நிற்கிறது. அதை யார் பார்ப்பார்கள்? பேமெண்ட் போட்டவர் பார்க்க மாட்டார். அவர் அடுத்த ரன்னுக்குப் போய்விட்டார். வங்கி ரீகன்சிலியேஷன் செய்கிற வேறொருவர் மாதக் கடைசியில் பார்ப்பார். யாருடைய பணம் என்று உடனே புரியாவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி வைப்பார். இன்ஜினியரின் வெண்டார் கோடைத் திறந்தால், FBL1N திரையில் அவருடைய இரண்டு கிளெய்ம்களும் தீர்ந்தவை என்ற பச்சை அடையாளத்தோடுதான் இருக்கும். தீர்ந்த பாக்கியை அடுத்த பேமெண்ட் ரன் எடுக்காது. மாதம் இரண்டு முறை ரன் ஓடிக்கொண்டே இருந்தாலும் இவருக்கு ஒரு பைசா போகாது.

தீர்வு மூன்று வேலைகள், வரிசை மாறக் கூடாது. முதலில் வெண்டார் மாஸ்டரில் புதிய கணக்கு எண் ஏற வேண்டும். பிறகு பழைய கிளியரிங்கை உடைத்து, திரும்பிய பணத்தை அதோடு பொருத்தி, பாக்கியை மறுபடி திறக்க வேண்டும். எஸ்ஏபியில் கிளியரிங்கை உடைக்கும் திரை FBRA. அதன் பிறகு அடுத்த ரன். முதல் வேலையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் செய்தால் பணம் மறுபடியும் மூடிய கணக்குக்கே போய்த் திரும்பும். இன்ஜினியர் விஷயத்தில் ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை. 11-ஆம் தேதி ரன்னில் ஏற வேண்டுமானால், கட்-ஆஃபுக்குள் இந்த மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

அவர் அனுப்பிய முதல் மெயில் “கிளெய்ம் பணம் இன்னும் வரவில்லை, தயவுசெய்து பார்க்கவும்” என்பது. அதற்கு வந்த பதில்: Paid. இரண்டாவது மெயில் இப்படி இருந்தால் வேலை நடக்கும்:

“வணக்கம். என் எம்ப்ளாயி எண், கிளெய்ம் எண்கள் கீழே. ஜூலை 25 ரன்னில் 13,550 ரூபாய் அனுப்பியதாகப் பேமெண்ட் அட்வைஸ் சொல்கிறது. அந்தத் தொகை என் கணக்கில் ஏறவில்லை. ஜூலை 25 முதல் இன்று வரையிலான ஸ்டேட்மெண்ட் இணைத்துள்ளேன். இதன் யூடிஆர் எண்ணையும், பணம் அனுப்பிய கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தையும் தெரிவியுங்கள். அதே யூடிஆருக்கு வங்கி ஸ்டேட்மெண்டில் ரிட்டர்ன் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பாக்கியைத் திறந்து எந்தத் தேதி ரன்னில் சேர்ப்பீர்கள் என்றும் சொல்லுங்கள்.”

கடைசி நான்கு இலக்கம் கேட்பது முக்கியம். தவறான கணக்குக்குப் போனது என்றால் பதில் வந்த நொடியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். மெயிலை பேமெண்ட் போடுகிறவருக்கு மட்டும் அனுப்பாமல், வங்கி ரீகன்சிலியேஷன் பார்ப்பவரையும் நகலில் சேர்க்கச் சொல்லுங்கள். திரும்பிய பணம் அவர் கண்ணில்தான் படும்.

பழைய கணக்கை மூடாமல் அப்படியே விட்டிருந்தால் பணம் திரும்பாது, அங்கேயே ஏறியிருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் தொடாத கணக்கு செயலற்றதாக மாறினாலும், உள்ளே வரும் பணத்தை அது வாங்கிக்கொள்ளும். எடுக்கத்தான் முடியாது. கேஒய்சி கொடுத்து உயிர்ப்பித்தால் பணம் கைக்கு வரும். ஆகவே ஃபைனான்ஸோடு மல்லுக்கு நிற்பதற்கு முன், மறந்துபோன அந்தப் பழைய பாஸ்புக்கை ஒருமுறை பதிந்து பாருங்கள்.

மிக மோசமான வகை, எண் மாறி வேறொருவர் கணக்கில் ஏறுவது. நம் நாட்டில் நெஃப்ட் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து ஏற்றப்படுகிறது, பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது கட்டாயமில்லை. நெட் பேங்கிங்கில் பெயரைக் காட்டும் வசதி வந்திருந்தாலும், ஃபைலாக மொத்தமாக அனுப்பும்போது அந்தப் பெயரை நின்று படிக்க யாரும் இருப்பதில்லை. அப்படி ஏறியிருந்தால் நீங்களோ உங்கள் வங்கியோ ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனி தன் வங்கி வழியாக எழுதி, வாங்கியவரின் சம்மதத்தோடு திரும்பப் பெற வேண்டும். எண்ணைத் தப்பாக ஏற்றியது ஃபைனான்ஸ் என்றால், அந்தப் பணம் திரும்பும்வரை உங்களைக் காக்க வைப்பது நியாயமில்லை. நீங்கள் கொடுத்த படிவத்திலேயே எண் தப்பு என்றால் பேச்சு கொஞ்சம் தணிந்துதான் இருக்க முடியும். கொடுத்த படிவத்தின் நகலை வைத்திருப்பது இதற்காகத்தான்.

யூடிஆர் சரி, கணக்கு எண்ணும் சரி, ரிட்டர்னும் இல்லை, ஆனாலும் ஏறவில்லை என்றால்தான் உங்கள் வங்கியோடு பேச்சு. யூடிஆரை எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கம்பெனி தாமதித்ததற்கு இந்தக் கதவு திறக்காது. சம்பளத்துக்குச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. ஆனால் வேலை நிமித்தம் செய்த செலவை ஈடுகட்டத் தரும் தொகை சட்டத்தின் பார்வையில் சம்பளம் அல்ல. அங்கே பேச வேண்டியது கம்பெனியின் டிராவல் பாலிசியில் எழுதியிருக்கும் நாள் கணக்கைத்தான்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். கடைசி வேலை நாளன்று போர்ட்டல் லாகின் மூடப்படும், அலுவலக மெயிலும் போய்விடும். நிலுவையில் இருக்கும் கிளெய்ம்களின் பிடிஎஃப், அப்ரூவல் தேதி, பேமெண்ட் அட்வைஸ் ஆகியவற்றை அதற்கு முன்பே எடுத்துச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். வெண்டார் மாஸ்டரில் இருக்கும் கணக்கு எண் எது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.